ஒரே தடவையில் நான்காகப் பிளந்த முட்டைகள்

காலை பத்தேகாலுக்குக் கடல் முள்ளெலி முட்டைகளோடு விந்தைக் கலந்தோம். பதினொன்று ஆவதற்குச் சற்று முன்பு முதல் முட்டை பிளந்தது. இரண்டாகப் பிளக்க வேண்டிய முட்டை மூன்றாகப் பிளந்தது. தட்டைச் சற்று நகர்த்தினேன். அடுத்தது ஒரே தடவையில் நான்காகப் பிளந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்தது எத்தனையாகப் பிளக்கிறது என்று எண்ணவே முடியவில்லை. மேற்பரப்பு முழுக்கக் குண்டும் குழியுமாக இருந்தது. ஆனால் எல்லா முட்டைகளையும் சுற்றி, விந்தணு நுழைந்ததும் கிளம்பும் கருவுறல் உறை வட்டமாக, பளிச்சென்று எழும்பி நின்றது. அதைப் பார்த்துத்தான் நாற்பது நிமிடம் முன்பு மாணவர்களிடம் “எல்லாம் சரியாக நடந்துவிட்டது” என்று சொல்லியிருந்தேன்.

அந்த வாக்கியம் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தின் குறிப்பு இது.

எங்கள் கல்லூரி இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டியது. கரைவலையிலும் நண்டு வலையிலும் கடல் முள்ளெலிகள் சிக்கும். மீனவர்களுக்கு அவை தொல்லை. வலைக் கண்ணில் முள் மாட்டிக்கொள்ளும், எடுக்க நேரமாகும். “இதை வைத்து என்ன செய்வீர்கள் அம்மா, விலைக்கும் போகாது, குழம்புக்கும் ஆகாது” என்று கேட்டபடியே ஒருவர் வாளி நிறையக் கொடுத்தார். வந்தவற்றில் பெரும்பாலும் சால்மாசிஸ் இனம். உருண்டை, குட்டை முட்கள், முட்களில் வரி வரியாக நிறம். வாளியில் கடல் நீர் ஊற்றி, மீன் தொட்டிக் காற்றுக் குழாய் ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்தால் அன்று முழுக்கத் தாங்கும்.

முட்டையை எடுப்பது எளிது. 3.73 கிராம் பொட்டாசியம் குளோரைடை 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் அரை மோலார் கரைசல். முள்ளெலியைத் தலைகீழாகப் பிடித்தால் நடுவில் ஐந்து பல் கொண்ட வாய் தெரியும். வாயைச் சுற்றியுள்ள மென்தோலில் ஊசியைச் சாய்வாக இறக்கி, அரை மில்லிலிட்டர் செலுத்தி, மெல்லக் குலுக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் மறுபக்க உச்சியில் உள்ள ஐந்து துளைகளிலிருந்து கசியத் தொடங்கும். பால் போல் வெள்ளையாக வந்தால் ஆண். மஞ்சள் சாயலில், மணல் மணலாக வந்தால் பெண். வெளியிலிருந்து பார்த்து ஆண், பெண் சொல்ல இயலாது. ஊசி போட்ட பிறகுதான் தெரியும்.

பெண் என்றால் கடல் நீர் நிரம்பிய பீக்கரின் வாயில் கவிழ்த்து வைத்துவிடலாம். முட்டைகள் இழை இழையாக இறங்கி அடியில் படியும். மேல் நீரை வடித்து, புது நீர் ஊற்றி, இரண்டு மூன்று முறை அப்படியே கழுவினால் போதும். ஆண் என்றால் நீரில் கவிழ்க்கவே கூடாது. விந்தைத் துளிக்குழாயால் உலர்வாக எடுத்து, சிறு குப்பியில் அடைத்துப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். அடர்த்தியாக இருக்கும் வரை விந்தணுக்கள் அசையாமல் ஆற்றலைச் சேமித்துக் கிடக்கும். நீர் பட்டதும் நீந்தத் தொடங்கிவிடும். பிறகு அரை மணி நேரம்கூட நம்பி வைத்திருக்க முடியாது.

முதல் நாள் நான் செய்த இரண்டு காரியங்கள் குறிப்பேட்டிலேயே இருந்தன. தவறு என்று அப்போது தெரியவில்லை. ஏழரை மணிக்கே முட்டை எடுத்துவிட்டேன். மாணவர்கள் வரும்வரை சன்னலோரம் வைத்திருந்தேன். அது ஒன்று. இன்னொன்று, நுண்குழாயில் 50 மைக்ரோலிட்டர் உலர் விந்தை எடுத்து, 10 மில்லிலிட்டர் முட்டைத் தட்டில் நேராக விட்டேன். வகுப்பில் ஒரு முட்டைகூடக் கருவுறாமல் போய்விட்டால் மானம் போகும் என்ற பயம்தான் காரணம்.

உலர் விந்து ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஆயிரம் கோடி விந்தணுக்கள் இருக்கும். அப்படியானால் அந்தத் தட்டில் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் ஐந்து கோடி. தேவைப்படுவதைப் போலச் சில நூறு மடங்கு.

ஐந்து கோடி என்றால் ஒரு முட்டைக்கு என்ன நேருகிறது? முட்டையைச் சுற்றிக் கூழ் உறை இருக்கிறது. அதைத் தொட்டதும் விந்தணுவின் முனையிலுள்ள அக்ரோசோம் என்ற பை வெடித்து, நுனியில் ஒரு நீட்சி கிளம்புகிறது. அந்த நீட்சியின் மேல் பூசினாற்போல் இருக்கும் பின்டின் என்ற புரதம், முட்டைச் சவ்வின் மேல் ஒட்டியிருக்கும் விட்டலின் உறையில் தனக்குரிய ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. பிறகு இரண்டு செல் சவ்வுகளும் இணைகின்றன. முதல் விந்தணு இணைந்ததும் முட்டை கதவடைக்கத் தொடங்குகிறது. சிக்கல் என்னவென்றால் அந்தக் கதவு இரண்டு கட்டமாக மூடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது, உறை எழும்பும் இரண்டாவது கட்டம் மட்டும்தான்.

முதல் கட்டம் மின்சாரம். முட்டையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும். விந்தணு இணைந்த ஓரிரு விநாடிக்குள் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, அது சுழியத்தைத் தாண்டி நேர்மின்னாகிவிடுகிறது. அந்த நிலையில் இருக்கும் சவ்வோடு விந்தணுவின் சவ்வு இணைவதில்லை. 1976இல் உயிரியலாளர் லோரிண்டா ஜாஃபே இதைச் செய்து காட்டினார். கருவுறாத முட்டைக்குள் மின்முனை செருகி, மின்னோட்டம் கொடுத்து, மின்னழுத்தத்தைச் சுழியத்துக்குச் சற்று மேலே நிறுத்திவைத்தார். சுற்றிலும் விந்தணுக்கள் இருந்தும் எதுவும் நுழையவில்லை. மின்னோட்டத்தை நிறுத்தியதும் முட்டை வழக்கம்போல் கருவுற்றது. சோடியம் குறைந்த நீரில் முட்டைகள் பல விந்தணுக்களை உள்ளே விட்டுவிடுகின்றன என்பதும் பின்னர் வந்த சோதனைகளில் தெரிந்தது.

இந்தத் தடை விந்தணு ஒட்டுவதைத் தடுப்பதில்லை, இணைவதை மட்டும் தடுக்கிறது. ஆகவே மின்தடை வேலை செய்யும்போதும் முட்டை முழுக்க விந்தணுக்கள் மொய்த்துக்கொண்டுதான் இருக்கும். தடை தாங்குவதும் ஒரு நிமிடம் போலத்தான். அதற்குள் இரண்டாவது கட்டம் முடிந்தாக வேண்டும். மில்லிலிட்டருக்கு ஐந்து கோடி என்ற நெரிசலில், மின்னழுத்தம் ஏறுவதற்கு முந்திய அந்த ஓரிரு விநாடிக்குள்ளேயே இன்னொன்று இணைந்துவிட வாய்ப்பிருக்கிறது. முதல் நாள் என் தட்டில் நடந்தது அதுதான். அப்படி இரண்டு, மூன்று நுழைந்த முட்டையிலும் உறை சற்றும் குறையில்லாமல் எழும்பும். உறையைப் பார்த்து, முட்டைக்குள் குறைந்தது ஒரு விந்தணு போயிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். ஒன்று மட்டும்தான் போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சாட்சி முதல் பிளவுதான். முள்ளெலி முட்டையில் செல் பிரிவுக்கான மையத்தை விந்தணுதான் கொண்டுவருகிறது. ஒன்று நுழைந்தால் அந்த மையம் இரட்டித்து இரண்டு துருவங்கள். இரண்டு நுழைந்தால் நான்கு துருவங்கள். முட்டை ஒரே தடவையில் நான்காகப் பிளக்கிறது. ஒரு மையம் இரட்டிக்கத் தவறினால் மூன்று. ஜெர்மன் உயிரியலாளர் தியோடர் போவேரி 1902இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இத்தகைய முட்டைகளைப் பற்றியதுதான். அவர் கையாண்ட மத்தியதரைக் கடல் முள்ளெலியில் ஒரு தொகுதிக்கு 18 குரோமோசோம்கள். இரட்டை விந்து முட்டையில் மூன்று தொகுதி, ஆக 54. அவை நகலெடுத்து 108 ஆகி, நான்கு செல்களுக்குக் கண்டபடி பங்கிடப்படும். எந்தச் செல்லுக்கு எது கிடைக்கும் என்பதில் ஒழுங்கே இல்லை. அந்தக் கருக்கள் ஏன் உருக்குலைகின்றன என்று யோசித்துத்தான், ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனி வேலை உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

எண்ணுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. சரியான முட்டையும் இரண்டாவது பிளவில் நான்கு செல்லாகத்தான் நிற்கும். தாமதமாக எண்ணினால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகத் தெரியும். பாதி முட்டைகள் இரண்டாகியிருக்கும் சமயத்தில் ஒரு மாதிரியை எடுத்து, ஒரு சொட்டு ஃபார்மலின் விட்டு நிறுத்திவிட வேண்டும். பிறகு நிதானமாக எண்ணலாம். முதல் நாள் தட்டில் அப்படி நிறுத்தியதில் 200 முட்டை எண்ணினேன். இரண்டு செல் 41. மூன்று, நான்கு, அதற்கு மேல் 138. பிளவே காணாதவை 21.

மூன்றாம் நாள் திரும்பச் செய்தேன், இம்முறை மாணவர்கள் இல்லாமல். 10 மைக்ரோலிட்டர் உலர் விந்தை 10 மில்லிலிட்டர் கடல் நீரில் கலந்தேன். இது ஆயிரத்தில் ஒன்று. நான்கு தட்டுகளில் அப்போதுதான் எடுத்த முட்டைகள், தட்டுக்கு 10 மில்லிலிட்டர். முதல் தட்டில் இந்தக் கலவை ஒரு மில்லிலிட்டர், இரண்டாவதில் அதில் பத்தில் ஒரு பங்கு. மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒவ்வொரு படியாக மேலும் பத்து மடங்கு குறைத்தேன். ஐந்தாவதாக ஒரு தட்டில், முதல் நாளைப் போலவே மூன்று மணி நேரம் சன்னலோரம் வைத்திருந்த முட்டைகளை எடுத்து, இரண்டாவது தட்டின் அளவே விந்து விட்டேன். விந்து சேர்க்காத தட்டு ஒன்று தனியாக.

முதல் தட்டில் 200க்கு 198 முட்டைகளில் உறை எழுந்தது. அவற்றில் 17 தப்பாகப் பிளந்தன. இரண்டாவதில் 194 எழுந்தன, 3 தப்பு. மூன்றாவதில் 121 மட்டுமே எழுந்தன, தப்பு ஒன்றும் இல்லை. நான்காவதில் 16. ஆக எனக்கு வேண்டியது இரண்டாவது தட்டின் அளவு, மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். ஐந்தாவது தட்டுதான் என்னை யோசிக்க வைத்தது. அதே ஒரு லட்சம், ஆனால் 22 தப்பு. வெயில் வெப்பத்தில் காத்துக் கிடந்த முட்டை தன் கதவைச் சுணங்கி அடைக்கிறது. முதல் நாள் கோளாறில் பெரும்பங்கு விந்தின் அளவுக்கு, சிறுபங்கு சன்னலுக்கு.

விந்து சேர்க்காத தட்டிலும் இரண்டு முட்டைகளில் உறை தெரிந்தது. காரணம் கேவலமானது: அதே துளிக்குழாய். அன்றிலிருந்து விந்துக்குச் சிவப்பு நாடா ஒட்டிய குழாய், முட்டைக்கு நாடா இல்லாதது. கையையும் பாத்திரத்தையும் குழாய்த் தண்ணீரில் அலம்பிவிட்டால் போதும், நன்னீரில் விந்தணு பிழைக்காது.

அளவு கைவந்த பிறகுதான் இரண்டாவது கட்டத்தை உட்கார்ந்து பார்த்தேன். குழிவுள்ள கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு முட்டை, மூடுதகடு இல்லாமல், பத்து மடங்கு பொருள்வில்லை. மூடுதகடு போட்டே ஆக வேண்டும் என்றால் நான்கு மூலையிலும் துளி மெழுகு வைத்துத் தூக்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முட்டை நசுங்கி, நசுங்கியதாலேயே உறை கிளம்பி ஏமாற்றும். மாணவி ஒருத்தி நிறுத்துகடிகாரத்தோடு பக்கத்தில். விந்து விட்டதும் “இப்போது” என்றேன்.

முதலில் முட்டை அசைகிறது. மொய்க்கும் விந்தணுக்களின் வால்கள் அடிக்கும் அடியில் சில முட்டைகள் மெல்லச் சுழலவும் செய்கின்றன. இருபது விநாடி ஆகியும் வேறொன்றும் தெரியவில்லை. “ஒன்றும் ஆகவில்லையே மேடம்” என்றாள். மின்தடை அதற்குள் நடந்து முடிந்திருக்கும். அதைக் காட்ட என்னிடம் கருவி இல்லை. முப்பதை நெருங்கும்போது முட்டையின் இடது ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு பிரிந்தது. அது இரு பக்கமும் ஓடி, எதிர்ப்புறத்தில் போய்ச் சேர்ந்தது. அவள் சொன்ன கணக்கு: தொடங்கியது இருபத்தெட்டில், வட்டம் முடிந்தது ஐம்பத்து மூன்றில். முட்டையில் ஒட்டியிருந்த விந்தணுக்கள் உறையோடு சேர்ந்து மேலே தூக்கப்பட்டு, சவ்வுக்கு எட்டாத தூரத்தில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

ஓடிய அந்தக் கோட்டுக்கு அடியில் ஓடுவது கால்சியம். விந்தணு நுழைந்த இடத்தில் முட்டையின் உள்வலைப் பின்னல் கால்சியத்தை விடுவிக்கிறது. அது பக்கத்து இடத்தையும் தூண்ட, அலையாக மறுபுறம் வரை போகிறது. முட்டைச் சவ்வுக்கு நேர் கீழே கார்டிகல் துகள்கள் ஏறத்தாழ 15,000, ஒவ்வொன்றும் ஒரு மைக்ரான் குறுக்களவு. அலை தொட்ட இடமெல்லாம் துகள்கள் சவ்வோடு இணைந்து தம் சரக்கை வெளியே கொட்டுகின்றன. அதில் உள்ள புரதம் சிதைக்கும் நொதி, விட்டலின் உறையைச் சவ்வோடு கட்டிவைத்திருக்கும் முடிச்சுகளை அறுக்கிறது. பின்டின் பற்றும் ஏற்பிகளையும் வெட்டிவிடுகிறது. கூடவே கொட்டிய சர்க்கரைத் தொடர்கள் நீரை உறிஞ்சி உப்ப, அறுபட்ட உறை எழும்புகிறது. பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி, முட்டையே உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு உறைப் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சில நிமிடங்களில் கெட்டியாக்குகிறது. கடைசியாக ஹயலின் என்ற புரதம் முட்டையை ஒட்டித் தெளிவான ஓர் அடுக்காகப் படிகிறது.

இந்த ஓட்டத்தை வெறும் கண்ணும் நுண்ணோக்கியும் கொண்டு மிகக் கூர்மையாகக் கவனித்தவர் உயிரியலாளர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில், முள்ளெலியின் உறவான மணல் டாலர் முட்டைகளை வைத்து 1919இல் எழுதினார்: உறை எழும்புவதற்கு முன்னதாகவே, விந்தணு நுழைந்த இடத்திலிருந்து ஏதோ ஒரு மாற்றம் முட்டை மேல் பரவுகிறது, அது கடந்துபோன இடத்தில் வேறு விந்தணு நுழைய முடிவதில்லை. முட்டைக்குள் மின்முனை செருகிப் பார்க்க அன்று வழியில்லை.

நொதிதான் முடிச்சை அறுக்கிறது என்றால், நொதியை முடக்கினால் என்ன ஆகும்? உயிர்வேதியியல் துறையின் குளிர்பெட்டியில் சோயாவிலிருந்து எடுத்த டிரிப்சின் தடுப்பான் தூள் கொஞ்சம் இருந்தது. முட்டை நீரில் மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் கலந்து, பத்து நிமிடம் கழித்து அதே இரண்டாவது தட்டின் அளவு விந்தை விட்டேன். உறை எழுந்தது, ஆனால் வட்டமாக அல்ல. அறுபடாத முடிச்சுகள் இழுத்துப் பிடிக்க, இடைப்பட்ட இடங்கள் மட்டும் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்தன. சட்டியில் எண்ணெய் போதாமல் அங்கங்கே ஒட்டிப் பிடித்த ஆப்பம் போல. ஒட்டிக் கிடந்த இடங்களில் விந்தணுக்கள் உதிராமல் நின்றன. பிளவை எண்ணியபோது 200க்கு 64 தப்பு. தடுப்பான் இல்லாத தட்டில் 4. மின்தடையை நான் தொடவே இல்லை. இரண்டாவது கட்டம் தடுமாறியதன் விளைவு அது. மின்தடை தளரும்போது கெட்டியான உறை தயாராக இல்லை.

இதையெல்லாம் அப்படியே மனித முட்டைக்கு ஏற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று வகுப்பில் அழுத்திச் சொன்னேன். நம் முட்டையில் வேகமான மின்தடை இல்லை. கார்டிகல் துகள்கள் உண்டு. அவை கொட்டும் ஓவஸ்டாசின் என்ற நொதி, முட்டையைச் சூழ்ந்த சோனா பெலூசிடா உறையில் ஒரு புரதத்தை வெட்டி, மேற்கொண்டு விந்தணு ஒட்டாமல் செய்கிறது. உறை முள்ளெலியில் போல எழும்பி நிற்காது. செயற்கைக் கருத்தரிப்பு நிலையங்களில் விந்து சேர்த்த 16 முதல் 18 மணி நேரத்தில் முட்டைக்குள், விந்தணுவும் முட்டையும் தரும் முன்கருக்கள் எத்தனை என்று எண்ணுவார்கள். இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் அந்தக் கரு கருப்பைக்குள் வைக்கப்படாது. நாங்கள் பிளவை எண்ணியதும் அவர்கள் முன்கருவை எண்ணுவதும் ஒரே கேள்விக்காகத்தான்.

ஒரு வாரத்தில் மிஞ்சியவை மூன்று தட்டுகள். இரண்டாவது தட்டின் அளவில் கருவுற்றதைச் சாயங்காலம் புது நீருக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தட்டைச் சாளர வெளிச்சத்தில் பிடித்தபோதே மேல் நீரில் தூசி போல ஏதோ மிதந்து நகர்வது தெரிந்தது. நுண்ணோக்கியில் வைத்தால் குறுயிழைகளை அடித்துச் சுழன்று நீந்தும் உருண்டைகள், நூற்றுக்கணக்கில். அவற்றைச் சுற்றி உறை இல்லை. முந்தைய நாள் அத்தனை கெட்டியாக்கிய உறையை, இரவில் கரு வேறொரு நொதியைச் சுரந்து கரைத்துக்கொண்டு வெளியேறியிருந்தது. சோயாத் தட்டில் நீந்துபவை குறைவு, அடியில் சாம்பல் நிறச் செல் குவியல்கள் அதிகம். முதல் நாள் செய்த அளவில் வேண்டுமென்றே திரும்பச் செய்து வைத்திருந்த மூன்றாவது தட்டில் அநேகமாக எல்லாமே அடியில் கிடந்தன. பல உருக்குலைந்த செல்கள் இன்னும் அந்த வட்டமான, குறையில்லாத உறைக்குள்ளேயே இருந்தன.